சாய்தளத்தை நீளத்திலிருந்து வரையாதீர்கள், மட்டத்திலிருந்து வரையுங்கள்

கேள்வி: "வாசல் தளம் வெளித்தரையை விட 600 மி.மீ. உயரம். 1:12 என்று கணக்கிட்டால் 7.2 மீட்டர் வருகிறது. வாசலுக்கு இடப்புறம் சுவரை ஒட்டி 8 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் மட்டுமே உண்டு. நடுவில் மேடை வைத்துத் திருப்பினால் சரியாக வருமா? மேடை நீளம் எவ்வளவு, கைப்பிடி உயரத்தை எங்கிருந்து அளப்பது, பிளானிலும் செக்‌ஷனிலும் எதையெல்லாம் காட்ட வேண்டும்?"

பதில்:

வரும். ஆனால் 7.2 மீட்டரை இரண்டாக மடித்து 3.6, 3.6 என்று போட்டால் வராது. ஏன் என்று பார்த்தால் மற்றக் கேள்விகளுக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

முதலில் அந்த 600. அது எங்கே அளந்தது? பெரும்பாலும் வாசற்படிக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி அளந்திருப்பார்கள். சக்கர நாற்காலி ஏறத் தொடங்குவது அங்கே அல்ல. சாய்தளத்தின் அடி எந்த இடத்தில் தரையைத் தொடுகிறதோ, அங்கேயுள்ள மட்டம்தான் கணக்கு. கட்டடத்தை விட்டு நீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகத் தரை பொதுவாக வெளிப்பக்கம் சரிந்தே இருக்கும். மடித்துத் திருப்பும் அமைப்பில் அடி வாசலுக்கு எதிரேயே திரும்பி வந்தாலும், சுவரிலிருந்து இரண்டு, இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கும். ஆகவே அடி எங்கே வரும் என்று தோராயமாகக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். அங்கே தரை இன்னும் 60 மி.மீ. தாழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மொத்த உயரம் 660.

இரண்டாவது, 1:12 என்பதே எல்லை. இலக்கு அல்ல. 12 கிடைநீளத்துக்கு 1 உயரம் என்றால் 8.33 சதவீதம், அதாவது 4.76 பாகை. (12 சதவீதம் என்று குழப்பிக்கொண்டால் அது 1:8.3 ஆகிவிடும். இந்தத் தவறு வரைபடங்களில் அடிக்கடி வருகிறது.) எல்லையிலேயே வரைந்தால், கட்டுகிறவருக்கு ஒரு மில்லிமீட்டர் கூடத் தவற இடம் இல்லை. 3.6 மீட்டரில் 300 மி.மீ. ஏற்றம் என்று வரைந்து, நடுமேடை 20 மி.மீ. தாழ்ந்துவிட்டால், மேல்பாதி 320 ஏற வேண்டும். அப்போது சரிவு 1:11.25. விதி மீறியாயிற்று. கான்கிரீட்டில் 20 மி.மீ. பிசகு அரிதான விஷயம் இல்லை. உங்கள் இடத்தில் ஒவ்வொரு சாய்வுக்கும் 4.2 மீட்டர் கிடைக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பிளானில் பார்ப்போம். வாசல் வலக்கோடியில் இருக்கிறது. அதன் முன்னே மேல்மேடை. அங்கிருந்து சுவரை ஒட்டி இடப்பக்கம் இறங்குவது மேல்சாய்வு. இடக்கோடியில் திருப்புமேடை. அங்கிருந்து வெளிப்பக்கமாக மறுபடி வலப்பக்கம் இறங்குவது கீழ்சாய்வு. அதன் அடியில் அடிமேடை. படிகள் இருந்தால் மேல்மேடையின் வலப்புறம் இறங்கட்டும்.

மேல்மேடையின் நீளம் 1800 வையுங்கள். 1500 போதுமே என்று தோன்றும். ஆனால் சாய்வு முடிந்த பிறகும் சுவர்ப்பக்கக் கைப்பிடி 300 மி.மீ. கிடையாக நீள வேண்டும். அதை அடுத்து, கதவின் தாழ்ப்பாள் பக்கம் நாற்காலியை நிறுத்திக் கை எட்டுவதற்கு 600 விட்டிருக்கிறேன். பிறகு கதவு 900. மூன்றையும் கூட்டினால் 1800. இதில் 300-ஐ விட்டுவிட்டால், கைப்பிடியின் முனை தாழ்ப்பாள் பக்கத்து வெளிக்குள் புகுந்து நாற்காலியைத் தடுக்கும். மேடையின் ஆழம், சுவரிலிருந்து இரண்டு சாய்வுகளையும் பிரிக்கும் நடுக்கட்டை வரை, 1500 தெளிவாக இருக்க வேண்டும். கதவு உள்ளே திறக்கும் என்று எடுத்துக்கொண்டே சொல்கிறேன். வெளியே திறந்தால், கதவு வீசும் வட்டத்துக்கு அப்பால் நாற்காலி நிற்க இடம் வேண்டும். அப்போது இந்த 1500 பத்தாது. முடிந்தவரை கதவை உள்ளே திறக்க வையுங்கள்.

இந்த 1500 ஆழம்தான் சாய்வின் அகலத்தையும் தீர்மானிக்கிறது. சுவர்ப்பக்கக் கைப்பிடிக்குக் குழாய் 40, சுவருக்கும் குழாய்க்கும் இடைவெளி 50, ஆக 90. அதை 100 என்று கொள்வோம். மீதி 1400 தெளிவான அகலம். அடுத்து நடுவில் 200 மி.மீ. சுவர்க்கட்டை, கீழ்சாய்வு 1400, வெளி விளிம்புக்கட்டை 150. மொத்தம் 3250. உங்களிடம் 3500 இருக்கிறது. அகலத்தை எப்போதும் கைப்பிடிகளின் உள்முகத்துக்கு உள்முகம் அளந்து எழுதுங்கள். கட்டைக்குக் கட்டை எழுதிவிட்டு, கைப்பிடியை உள்ளே நீட்டிப் பொருத்தினால், அகலம் சத்தமில்லாமல் குறைந்துவிடும்.

நீளத்துக்கு வருவோம். மேல்மேடை 1800, சாய்வு 4200, திருப்புமேடை 1500. நடுக்கட்டையின் நுனியில் கைப்பிடி வளைந்து திரும்பும். அந்த வளைவு மேடைக்குள் 150 வரை நீட்டிக்கொண்டிருக்கும். மேடையின் 1500 என்பது அந்த வளைவின் வெளிவிளிம்பிலிருந்து எதிர்ப்பக்கக் கைப்பிடி வரை. ஆகவே 150 கூட்டுங்கள். இடக்கோடிக் கட்டைக்கு இன்னொரு 150. மொத்தம் 7800. எட்டு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. திருப்புமேடையின் குறுக்களவு, இரண்டு சாய்வுகளும் நடுக்கட்டையும் சேர்ந்து, 3000. நாற்காலி திரும்புவதற்கு அது தாராளம். (அமெரிக்காவின் 2010 மாற்றுத்திறனாளி அணுகல் தரநிலை போல மேடைக்கு 1525 கேட்கும் இடங்களில் 25-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். மேல்மேடையின் ஆழத்துக்கும் அதே கணக்கு. உங்கள் இடத்தில் அதற்கும் இடம் மிச்சம் இருக்கிறது.)

இனி மட்டங்கள். உள்தளத்தை 0 என்று வையுங்கள். மேடை எதுவுமே முழுச் சமதளம் அல்ல, மழைநீர் நிற்கக் கூடாது. ஆனால் மேடையின் சரிவு எந்தத் திசையிலும் 1:50-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால், நிறுத்திய நாற்காலி தானாக உருளும். நான் சொல்வது: சுவரிலிருந்து வெளிப்பக்கம் 1:60, அதுவும் ஒரே திசையில். சாய்வுகளுக்கும் அதே 1:60 குறுக்குச்சரிவு, அதே திசையில். அப்படி வைத்தால் மேடையும் சாய்வும் சேரும் கோடு ஒரே நேர்கோடாக இருக்கும். மேடை ஒரு திசையிலும் சாய்வு வேறு திசையிலும் சரிந்தால், சேரும் இடம் முறுக்கிக்கொள்ளும். அங்கே நாற்காலியின் நான்கு சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழும்பும்.

வாசலில் நிலைக்கு வெளியே 10 மி.மீ. தாழ்வு. ஆகவே சுவரை ஒட்டி மேடை −10. மேல்சாய்வின் மையக்கோடு சுவரிலிருந்து 800 தள்ளி இருக்கிறது. 800-ஐ 60-ஆல் வகுத்தால் 13. ஆக மேல்சாய்வு தொடங்கும் மட்டம் −23. திருப்புமேடையில் மேல்சாய்வின் மையத்திலிருந்து கீழ்சாய்வின் மையம் 1600 தூரம். அங்கே மேடையே 27 இறங்கிவிடுகிறது. அடி −660. இப்போது 660-லிருந்து 23-ஐயும் 27-ஐயும் கழித்தால், இரண்டு சாய்வுகளும் சேர்ந்து ஏற வேண்டியது 610. ஒவ்வொன்றும் 305. மையக்கோட்டில் மட்டங்கள் இப்படி அமைகின்றன: −23, −328, மேடையைக் கடந்து −355, அடியில் −660.

4200-க்கு 305 என்றால் 1:13.8. மேடை 20 மி.மீ. தவறினாலும் 325-க்கு 4200, அதாவது 1:12.9. அப்போதும் விதிக்குள் நிற்கிறது. நீங்கள் முதலில் நினைத்த 3600-ஐ வைத்திருந்தால், தவறே நடக்காமல் கட்டினாலும் 305-க்கு 3600, அதாவது 1:11.8. பிளானில் 1:12 என்று எழுதியிருக்கும், தரையில் அது இருக்காது.

அடிமேடையை மறந்துவிடாதீர்கள். சாய்வு முடிந்த இடத்தில் இருக்கும் தரையை அப்படியே மேடை என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் சுவரடியிலிருந்து சாய்வின் மையம் வரை 2400 மி.மீ. தூரத்தில் 60 மி.மீ. இறங்கும் தரை 1:40. அது மேடைக்கான எல்லையைத் தாண்டிவிட்டது. சாய்வடியிலிருந்து 1500 நீளத்துக்கு, சாய்வின் முழு அகலத்துக்கும், தரையைப் பெயர்த்து 1:60-இல் மறுபடி பரப்பச் சொல்லி வரைபடத்திலேயே எழுதுங்கள். தண்ணீர் போக ஜல்லடை மூடிய வடிகால் வேண்டும் என்றால், அதை இந்த மேடைக்கு அப்பால் வையுங்கள். ஜல்லடைத் துளை 13 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. நீளமான துளைகளாக இருந்தால், அவை நாற்காலி செல்லும் திசைக்குக் குறுக்கே அமைய வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரம் உள்ளே இறங்கிச் சிக்கும்.

இந்த அமைப்பில் நீர் நடுக்கட்டையில் மோதி, அதை ஒட்டியே திருப்புமேடைக்கு இறங்கி, பிறகு வெளிக்கட்டையை ஒட்டி அடிக்கு வரும். வெளிக்கட்டையில் மீட்டருக்கு ஒரு சின்னத் திறப்பு விட்டால் அடியில் தேங்காது. திறப்பு 100 மி.மீ.-க்குக் குறைவாகவே இருக்கட்டும். கட்டை இருப்பதே சக்கரமும் ஊன்றுகோலும் வெளியே வழுக்காமல் இருக்கத்தான்.

கைப்பிடிதான் உங்கள் கேள்வியில் கடினமான பகுதி. இங்கே பிளான் கைகொடுக்காது, செக்‌ஷன்தான் உண்மையைச் சொல்லும். உயரத்தை முடிந்த தரைப்பரப்பிலிருந்து குழாயின் மேல்முகம் வரை செங்குத்தாக அளக்க வேண்டும். 900 வையுங்கள். கட்டட அணுகலுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 21542 சொல்வது 850 முதல் 1000 வரை, அமெரிக்கத் தரநிலை சொல்வது 865 முதல் 965 வரை. 900 இரண்டிலும் அடங்கும். சரிவுக்குச் செங்கோணமாக அளந்தால் இரண்டு மில்லிமீட்டர்தான் மாறும், அது பெரிய விஷயம் இல்லை. உண்மையில் கெடுப்பது வேறு. வெறும் கான்கிரீட்டின் மேல் 900 அளந்து தூண்களை நட்டுவிட்டு, பிறகு 40 மி.மீ. சாந்தும் கல்லும் பரப்புவார்கள். கைப்பிடி 860 ஆகிவிடும். ஆகவே செக்‌ஷனில் முடிந்த பரப்பை ஒரு கோடாகவும், கான்கிரீட்டை அதற்குக் கீழே இன்னொரு கோடாகவும் காட்டி, உயர அம்பை மேல்கோட்டிலிருந்தே தொடங்குங்கள். மேடைக்கும் சாய்வுக்கும் பரப்பும் தடிப்பு வேறாக இருந்தால், கான்கிரீட் மட்டங்களையும் அதற்கேற்ப வேறாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சேரும் கோட்டில் ஒரு சின்னப் படி முளைக்கும்.

நடுக்கட்டையைப் பிளானில் பார்த்தால் ஒரே கைப்பிடியை இரண்டு சாய்வுகளுக்கும் பொதுவாகப் போட்டுவிடலாம் என்று தோன்றும். முடியாது. நடுக்கட்டையை ஒட்டிய விளிம்பில் மட்டங்களைப் போட்டுப் பாருங்கள். குறுக்குச்சரிவால் மேல்சாய்வின் அந்த விளிம்பு மையத்தை விட 12 தாழ்வு, கீழ்சாய்வின் விளிம்பு மையத்தை விட 12 உயர்வு. திருப்புமேடைப் பக்கம் இரண்டும் −340, −343. கைப்பிடிகள் +560, +557. மூன்று மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஒரே கிடை வளைவாகச் சேர்த்துவிடலாம். ஆனால் வாசல் பக்கம் மேல்சாய்வின் விளிம்பு −35, கீழ்சாய்வின் விளிம்பு −648. கைப்பிடிகள் +865, +252. ஒன்றுக்கு மேல் ஒன்றாக 613 மி.மீ. இடைவெளி. ஆகவே நடுவில் இரண்டு தனிக் குழாய்கள் வேண்டும். திருப்பத்தில் ஒன்றாகி, வாசல் பக்கம் போகப்போக விலகும்.

குழந்தைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் 650-இல் இரண்டாவது குழாய் போடுவீர்கள் என்றால், இன்னொரு சிக்கல் செக்‌ஷனில் தெரியும். வாசல் பக்கம் நடுச்சுவரின் தலை (மேல்சாய்வு விளிம்புக்கு மேல் 100 மி.மீ. கட்டையையும் சேர்த்து) கீழ்சாய்வின் பரப்பிலிருந்து 713 உயரத்தில் நிற்கும். 650 குழாய் சுவருக்குள்ளேயே புதைந்துவிடும். கடைசி ஒரு மீட்டரில்தான் இது வரும், அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. கீழ்சாய்வின் நடுப்பக்கத்தில் மட்டும், அந்தக் கீழ்க்குழாயை முழு நீளத்துக்கும் சுவர் முகத்திலிருந்து 50 விட்டு உள்ளே தள்ளுங்கள். அகலம் 1400-லிருந்து 1310 ஆகும். 1200 கேட்டால் இன்னும் மிச்சம் இருக்கிறது. அகலத்தைத் தாராளமாக வைத்ததற்கு இது இன்னொரு பலன்.

முனைகளில் கைப்பிடி சாய்வுக்கு அப்பால் 300 நீள வேண்டும். கிடையாகத்தான் நீள வேண்டும். குழாயின் வளைவைச் சாய்வு முறியும் கோட்டுக்கு நேர் மேலே வையுங்கள். சரிவிலேயே மேலே தொடர்ந்து நீட்டினால், மேல்முனை 22 மி.மீ. உயர்ந்துபோகும், கீழ்முனையோ தரையை நோக்கி இறங்கும். பார்வையில்லாதவர் கைப்பிடி கிடையாவதை வைத்துத்தான் சாய்வு முடிந்தது என்று அறிகிறார். முனையைச் சுவருக்கோ தூணுக்கோ வளைத்து மூடுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கும் வெறும் முனையில் சட்டைக்கை மாட்டும். திருப்புமேடையின் நடுவளைவுக்கு இந்த 300 தேவையில்லை, அங்கே கைப்பிடி அறுபடாமல் தொடர்கிறது.

வரைபடத்தில் என்ன காட்டுவது என்றால், பிளானை 1:50-இல் போடுங்கள். ஒவ்வொரு சாய்வின் இரு முனைக் கோட்டிலும், மேடைகளின் மூலைகளிலும் மட்ட எண் எழுதுங்கள். அம்பு ஏறும் திசையைக் காட்டட்டும், "மேலே" என்று எழுதியும் வையுங்கள். கைப்பிடிகளை நீட்சி உட்பட இரட்டைக் கோடாக வரையுங்கள், ஒற்றைக் கோட்டில் தெளிவான அகலம் மறைந்துவிடும். கட்டுகிறவர் பின்பற்ற வேண்டியவை மட்டமும் கிடைநீளமும்தான். சரிவு விகிதத்தை "எங்கும் 1:12-ஐத் தாண்டக் கூடாது" என்ற குறிப்புடன் தகவலாக மட்டும் எழுதுங்கள். மூன்றையும் கட்டளையாகக் கொடுத்தால், ஏதாவது ஒன்று மற்ற இரண்டோடு முரண்படும் நாளில் அவர் தனக்கு வசதியானதைத் தேர்ந்துகொள்வார்.

செக்‌ஷனை 1:20-இல் போடுங்கள். மேல்சாய்வு, திருப்புமேடை, கீழ்சாய்வு மூன்றையும் விரித்து ஒரே நீளச் செக்‌ஷனாக வரைந்தால், வாசல் முதல் அடி வரை ஒரே பார்வையில் தெரியும். குறுக்குச் செக்‌ஷன் மூன்று வேண்டும்: திருப்புமேடைக்கு அருகில் ஒன்று, நடுவில் ஒன்று, சாய்வடிக்கு அருகில் ஒன்று. ஒன்றே ஒன்று போடுகிறவர்கள் பெரும்பாலும் நடுவில் போடுவார்கள். அங்கே நடுச்சுவர் பாதி உயரம்தான், சிக்கல் எதுவும் தெரியாது. சாய்வடிக் குறுக்குச் செக்‌ஷன்தான் 613-ஐயும் 713-ஐயும் காட்டிக்கொடுக்கும்.

கட்டி முடித்த பிறகு சோதிக்க 1200 மி.மீ. ரசமட்டமும் ஓர் அளவுகோலும் போதும். ரசமட்டத்தின் மேல்முனையைச் சாய்வின் மேல் வைத்து, கீழ்முனையைத் தூக்கிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கீழ்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 87 மி.மீ. வந்தால் 1:13.8. 100-ஐத் தாண்டினால் அந்த இடம் 1:12-ஐத் தாண்டிவிட்டது. குறுக்கே வைத்தால் 20 வர வேண்டும், 24-க்கு மேல் போனால் 1:50 மீறியாயிற்று. ஒரு சாய்வுக்கு ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். மொத்தச் சரிவு சரியாக இருந்தும், மேடையோடு சேரும் கடைசி அரை மீட்டரில் மட்டும் கொத்தனார் மட்டத்தைப் பிடிக்க வளைத்திருப்பார். 600 மி.மீ.-க்கு ஒருமுறை நகர்த்தி, மேடைக்கோட்டை ஒட்டியும் வைத்துப் பாருங்கள்.